தள்ளிப் பார்க்க வைக்கும் போஸ்ட்: ஒரு மண்சட்டிக் கதை

(கூட்டமைப்பின் மகாசபைக் கூட்டத்தில், பொருள் விற்பனை பற்றிய அமர்வில் பேசியது)



இன்ஸ்டாகிராம்ல போஸ்ட் போடுறது பற்றிப் பேசச் சொன்னாங்க. அது பெரிய கடல். நான் அதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். ஒரே போஸ்ட்டுக்குள்ள நாலு, அஞ்சு, பத்துன்னு படங்களை வரிசையா வைப்போம் இல்லையா, விரலால ஒவ்வொண்ணா தள்ளிப் பார்க்கிறது, அதுக்குப் பேரு கரோசல். 2017 பிப்ரவரியில இன்ஸ்டாகிராம் இதைக் கொண்டு வந்தப்போ பத்து படம் வரைக்கும்தான் வைக்கலாம். 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு இருபது வரைக்கும் வைக்கலாம். இருபது வைக்கலாம்ங்கிறதுக்காக இருபதும் வைக்கணும்னு இல்லை, அதைப் பிறகு சொல்றேன்.

எங்க குழு மண்சட்டி விக்கிற குழு. பக்கத்து ஊர்ல சக்கரம் சுத்துறவங்ககிட்ட மொத்தமா எடுத்து, குழம்புச் சட்டி, தயிர்ச் சட்டி, பணியாரச் சட்டின்னு பிரிச்சு விக்கிறோம். நான்தான் குழுவில போன் பார்க்கிற ஆளு. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எந்த வகுப்பும் இல்லை. உடைஞ்ச சட்டிதான்.

ஒரு பொங்கல் சமயம் ஆர்டர் நல்லா வந்தது. பொங்கல் முடிஞ்ச வாரமே போனும் வந்தது. "ஏம்மா, அடுப்புல வச்ச முதல் நாளே விரிசல் விட்டிருச்சே." "சட்டியில ஒரே மண் வாசனைம்மா, குழம்பை வாயில வைக்க முடியல." சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், சிலருக்கு மாத்திக் கொடுத்தோம். அந்த மாசம் லாபம்னு எழுத எங்க கணக்குப் புத்தகத்துல ஒண்ணும் இல்லை.

வீட்டுக்கு வீடு போய் விசாரிச்சா, பாதிப் பேர் புதுச் சட்டியைப் பழக்கவே இல்லை. கடையில வாங்கி, கழுவி, அப்படியே கேஸ் அடுப்புல பெரிய தீயில ஏத்தியிருக்காங்க. நம்ம அம்மா காலத்துல சட்டி பழக்கிறதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இப்ப வாங்குறவங்க குக்கர்ல வளர்ந்த பிள்ளைங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. சொல்லாம வித்தது நாங்க.

சரி, சட்டி பழக்கிறது எப்படின்னு ஒரு போஸ்ட் போடுவோம்னு உட்கார்ந்தேன். நான் போட்ட முதல் போஸ்ட்டைச் சொன்னா சிரிப்பீங்க. முதல் படத்துல குழுவோட பேரு, பதிவு எண், ஒரு கும்பிடு போடுற கை. ரெண்டாவதுல சட்டிகளோட விலைப் பட்டியல். மூணாவதுல "சட்டியைப் பழக்கும் முறை"ன்னு தலைப்பு போட்டு பதினாலு வரி, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. அதுக்குப் பிறகு ஆறு சட்டிப் படம். ஒரு வாரம் கழிச்சு அந்தப் போஸ்ட்டுக்கு 'லைக்' போட்ட ஒரு வாடிக்கையாளர்கிட்டயிருந்து போன் வருது: "சட்டி விரிசல் விட்டிருச்சு." அக்கா, நீங்க போஸ்ட் பார்த்தீங்களான்னு கேட்டேன். "பார்த்தேனே, கும்பிடுற கை"ன்னாங்க. அவங்க முதல் படத்தைத் தாண்டவே இல்லை.

அப்பத்தான் உறைச்சது. நான் எழுதினது எல்லாம் சரியான விஷயம். ஆனா முதல் படத்துல இருந்து ரெண்டாவதுக்குப் போக அவங்களுக்கு நான் ஒரு காரணமும் கொடுக்கல. ரெண்டாவதுல விலைப் பட்டியலைப் பார்த்தவங்களுக்கு மூணாவதுக்குப் போக வேலையே இல்லை. படம் வரிசையா இருந்ததே தவிர, ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இல்லை.

இதை நம்ம குழு பாஷையில சொல்றேன். ஒவ்வொரு படமும் ஒரு தவணை கட்டணும், ஒரு பாக்கி வைக்கணும். போன படம் கிளப்பின கேள்விக்குப் பதில் சொல்றது தவணை. புதுசா ஒரு கேள்வியை மனசுல விட்டுட்டுப் போறது பாக்கி. தவணை கட்டாம பாக்கி மட்டும் வச்சா, பார்க்கிறவங்க ஏமாத்துறாங்கன்னு நினைப்பாங்க. பாக்கியே வைக்காம எல்லாத்தையும் ஒரே படத்துல கட்டி முடிச்சா, அங்கேயே எழுந்து போயிருவாங்க.

இப்ப எட்டு படமா நான் திரும்பச் செஞ்சதை ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல் படம், விரிசல் விட்ட சட்டி. நல்ல சட்டி இல்லை, உடைஞ்ச சட்டிதான். விரிசல் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெயில்ல வச்சு எடுத்தேன். அதுமேல பெரிய எழுத்துல ரெண்டே வரி: "புதுச் சட்டி முதல் நாளே விரிசல் விட்டதா? தப்பு சட்டியில இல்லாமலும் இருக்கலாம்." குழுவோட தலைவி அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. "நம்ம பொருளையே உடைஞ்சதைக் காட்டுறியே"ன்னு கோபப்பட்டாங்க. நியாயமான கோபம்தான். ஆனா அழகான சட்டி படம் யார் பக்கத்துலயும் இருக்கு. அதைப் பார்த்தா "அழகா இருக்கு"ன்னு தோணும், அதோட முடிஞ்சது. உடைஞ்சதைப் பார்த்தா "அப்ப தப்பு எதுல?"ன்னு தோணும். அதுதான் பாக்கி.

ரெண்டாவது படம்தான் நான் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினது. காரணம் சொல்றேன். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி ஒரு விஷயம் சொல்லியிருக்கார். ஒருத்தர் உங்க கரோசலைப் பார்த்துட்டு தள்ளாமப் போயிட்டா, அதே போஸ்ட்டை அவங்களுக்கு இன்னொரு தடவை காட்டுறப்போ, பல சமயம் ரெண்டாவது படத்துல இருந்து காட்டுவாங்களாம். அப்படின்னா ரெண்டாவது படத்தையே முதல் படமா பார்க்கிற ஆளும் இருப்பாங்க. அதனால அது முதல் படத்துக்குப் பதிலாவும் இருக்கணும், தனியா பார்த்தாலும் புரியணும். நான் எழுதினது: "இந்தச் சட்டியை வாங்கின அன்னிக்கே அடுப்புல ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி செய்யவேண்டிய மூணு வேலை விட்டுப்போச்சு." முதல் படத்தைப் பார்க்காதவங்களுக்கும் இது ஒரு முழுச் செய்தி. பார்த்தவங்களுக்குத் தப்பு எங்கேங்கிற பதில் கிடைச்சிருச்சு. ரெண்டு பேருக்கும் "எந்த மூணு வேலை?"ங்கிற கேள்வி இருக்கு.

இந்த 'மூணு'ங்கிற எண்ணைக் கவனிங்க. அது ஒரு வாக்கு. மூணு வேலைன்னு சொன்னா மூணுதான் இருக்கணும். ஒண்ணைச் சொன்னதும், இன்னும் ரெண்டு இருக்குன்னு அவங்களே கணக்கு வச்சுக்குவாங்க. எண்ணைச் சொல்லாம "சில வேலைகள்"னு எழுதினா எங்கே முடியும்னு தெரியாது, எந்த இடத்துலயும் விட்டுட்டுப் போகலாம்.

மூணாவது படம், முதல் வேலை. சட்டியைத் தண்ணிக்குள்ள முழுசா ஒரு ராத்திரி முக்கி வைக்கணும். வாளிக்குள்ள சட்டியை இறக்கினதும் பொடிப் பொடியா குமிழி வரும் இல்லையா, அதைப் படம் எடுத்தேன். "இந்தக் குமிழி, சட்டியோட துவாரத்துல இருந்து வெளியே வர்ற காத்து"ன்னு எழுதினேன். கடைசி வரி: "காலையில எடுத்து அடுப்புல ஏத்தலாமா? இன்னும் இல்லை."

நாலாவது, ரெண்டாவது வேலை. தேங்காய் நாரால தேய்ச்சுக் கழுவி, முக்கால் சட்டிக்கு வடிகஞ்சி ஊத்தி, சின்னத் தீயில மெதுவா கொதிக்க விடணும். கஞ்சியில இருக்கிற மாவுச்சத்து அந்தத் துவாரங்கள்ல போய் அடைச்சுக்கும், அதனால கசிவு குறையும். சோப்பு கூடாது, துவாரம் சோப்பையும் குடிச்சு வச்சுக்கும், பிறகு குழம்புல விடும். கடைசி வரி: "அடுப்பை அணைச்ச பிறகு செய்யுற ஒரு தப்புலதான் நிறைய சட்டி போகுது."

அஞ்சாவது, அந்தத் தப்பு. சூடான சட்டியில பச்சைத் தண்ணி ஊத்துறது, இல்லை ஈரமான கடப்பா மேடையில அப்படியே இறக்கி வைக்கிறது. அடி சூட்டுல விரிஞ்சிருக்கும், குளிர்ச்சி பட்ட இடம் சட்டுனு சுருங்கும். ரெண்டு பக்கமும் இழுக்க, மண் நடுவுல விட்டுக்கொடுக்கும். பெரிய தீயில காலிச் சட்டியை வச்சாலும் இதே கதைதான், அடி விரியும், விளிம்பு விரியாது. முதல் படத்துல காட்டின அதே உடைஞ்ச சட்டியை இங்கே திரும்பக் காட்டினேன். "இது இப்படித்தான் உடைஞ்சது." முதல் கேள்விக்கு முழுப் பதில் இங்கேதான் வருது. நடுவுல ஒரு நல்ல தவணை கட்டணும் அக்கா. எல்லாத்தையும் கடைசிக்குன்னு சேர்த்து வச்சா, அஞ்சாவது படத்துல ஆளுக்குச் சலிச்சிரும்.

ஆனா இங்கே ஒரு ஆபத்து இருக்கு. பெரிய கேள்விக்குப் பதில் கிடைச்சிட்டா போயிரலாமே? போக விடாம பிடிச்சு வைக்கிறது அந்த 'மூணு'தான். ரெண்டு வேலைதான் ஆகியிருக்கு. அதனால கடைசி வரியில, "மூணாவது வேலைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும்"னு எழுதினேன்.

ஆறாவது படம் அந்த எண்ணெய். ஆறின சட்டியைக் காய வச்சு, உள்ளே வெளியே நல்லெண்ணெய் தடவி ஒரு நாள் விடுறது. ஏழாவது, சட்டி பழகிருச்சான்னு எப்படித் தெரியும்ங்கிறது. காய்ஞ்ச துணி மேல சட்டியை வச்சு, தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. துணி நல்லா நனைஞ்சா இன்னொரு தடவை கஞ்சி காய்ச்சணும். எட்டாவதுல, "புதுச் சட்டி வாங்கின ஒருத்தருக்கு இதை அனுப்புங்க"ங்கிற ஒரே வேண்டுகோள். முன்னாடி நான் லைக் பண்ணுங்க, ஃபாலோ பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, ஆர்டர் பண்ணுங்கன்னு நாலு கேட்டுட்டு இருந்தேன். நாலு கேட்டா ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஆர்டருக்கான வாட்ஸ்அப் எண்ணை படத்துக்குக் கீழே எழுத்துல போட்டேன்.

இதை நான் போன்ல உட்கார்ந்து எழுதல. பிள்ளையோட பழைய நோட்டுல பக்கத்தைக் கிழிச்சு எட்டு துண்டு போட்டு, ஒரு துண்டுல ஒரு படத்துக்கான எழுத்து. அதை எடுத்துக்கிட்டு என் நாத்தனார்கிட்ட உட்கார்ந்தேன். அவங்களுக்கு இன்ஸ்டாகிராமே கிடையாது, அதனாலதான் அவங்க. ஒரு துண்டைப் படிப்பேன், நிறுத்துவேன். அவங்க வாயில இருந்து "ம், அப்புறம்?"னோ, "எதுக்கு?"னோ ஏதாவது வரணும். வந்தா, அடுத்த துண்டு அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லுதான்னு பார்ப்பேன். ஒரு இடத்துல "சரி"ன்னு சொல்லிட்டு அவங்க கீரை ஆய ஆரம்பிச்சாங்க. அந்தத் துண்டுதான் செத்த துண்டு. அதுல நான் மண் எந்தக் கண்மாயில எடுக்கிறாங்க, எத்தனை நாள் மிதிக்கிறாங்கன்னு எழுதியிருந்தேன். எனக்குப் பிடிச்ச விஷயம், ஆனா உடைஞ்ச சட்டியைப் பத்திக் கேட்டுட்டு இருக்கிறவங்களுக்கு அது தேவையில்லை. எடுத்துட்டேன். அது வேற போஸ்ட்.

இன்னொரு சோதனை இன்னும் சுலபம். துண்டுகளைக் கலைச்சுப் போட்டு, பக்கத்துல இருக்கிற ரெண்டை இடம் மாத்திப் படிங்க. மாத்தினது தெரியவே இல்லைன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல சங்கிலி இல்லைன்னு அர்த்தம். என்னோட பழைய போஸ்ட்ல கடைசி ஆறு சட்டிப் படத்தையும் எப்படி மாத்தினாலும் ஒண்ணுதான். அதனாலதான் அதை யாரும் தள்ளல.

சிலர் என்ன செய்வாங்க, ஒவ்வொரு படத்துலயும் ஒரு அம்புக்குறி போட்டு "அடுத்த படம் பாருங்க"ன்னு எழுதுவாங்க. முதல் படத்துல ஒண்ணு இருந்தா தப்பில்லை, இது ஒரே படம் இல்லைன்னு தெரியும். ஆனா அம்பு வழி காட்டும், காரணம் காட்டாது. இன்னும் சிலர் ஒரு வாக்கியத்தை நடுவுல வெட்டி, "ஆனால்..."னு புள்ளி வச்சு விடுவாங்க. ஒரு தடவை தள்ளுவாங்க. மூணாவது தடவையும் "ஆனால்..."னு வந்தா எரிச்சல்தான் வரும். அது பாக்கி வைக்கிறது இல்லை, கதவை இழுத்துப் பிடிச்சுக்கிறது. நான் வச்ச கடைசி வரிகளைப் பாருங்க, ஒவ்வொண்ணும் அந்தப் படத்தோட விஷயத்துல இருந்தே முளைக்கிற சந்தேகம். காலையில சட்டியை எடுத்ததும் அடுப்புல வைக்கலாமான்னு யாருக்கும் தோணத்தான் செய்யும்.

எங்க குழுவில படிக்கிற பொண்ணு ஒருத்தி ஒரு யோசனை சொன்னா. ஒரு பெரிய நீளப் படத்தை வெட்டி, பாதிச் சட்டி முதல் படத்துலயும் மீதிப் பாதி ரெண்டாவதுலயும் வர்ற மாதிரி செஞ்சா, மீதியைப் பார்க்கத் தள்ளுவாங்கன்னு. கேன்வாவில அப்படி நிறைய இருக்கு, செய்யுறதும் சுலபம்தான். செஞ்சு பார்த்தோம், நல்லாத்தான் இருந்தது. ஆனா நான் முன்னாடி சொன்னேனே, ரெண்டாவது படம் தனியா வர்ற நேரம், அங்கே பாதிச் சட்டி மட்டும் தலைகால் புரியாம நிக்கும். அதனால அந்த வெட்டை மூணு, நாலுக்கு நடுவுல மட்டும் வச்சுக்கிட்டோம், வாளித் தண்ணி அடுத்த படம் வரைக்கும் நீளுற மாதிரி.

அளவு பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் படமும் ஒரே அளவு, 1080-க்கு 1350, உயரமான படம். முதல் படம் எந்த வடிவமோ அதே வடிவத்துக்குத்தான் மத்ததும் வெட்டுப்படும். முதல் படம் சதுரமா இருந்து மத்தது உயரமா இருந்தா, நீங்க கீழே எழுதின அந்தப் பாக்கி வரிதான் முதல்ல வெட்டுப்படும். அப்புறம் மேலே வலது மூலையில "1/8"ன்னு எண் வரும், அங்கே எழுத்து வைக்காதீங்க. எழுத்து பெரிசாங்கிறதுக்கு நான் செய்யுறது, போனைக் கை நீட்டித் தூரமா பிடிச்சு, கண்ணாடி போடாம என் மாமியாரைப் படிக்கச் சொல்றது.

எல்லாத்துக்கும் கரோசல் வேண்டாம் அக்கா. விலைப் பட்டியல், இன்னிக்குச் சந்தையில எங்க கடை எங்கேங்கிறது, இதெல்லாம் ஒரே படம் போதும். படிப்படியா நடக்குறது, ஏன்னு விளக்க வேண்டியது, ஒரு தப்பைத் திருத்துறது, இதுக்குத்தான் இது பொருந்தும். எட்டுல முடியறதை இருபதுக்கு இழுத்தா, நடுவுல எத்தனை செத்த துண்டு வரும்னு யோசிச்சுப் பாருங்க.

வேலை செஞ்சதான்னு எப்படித் தெரியும்னு போன தடவை ஒரு அக்கா கேட்டாங்க. பக்கத்தை தொழில்முறைக் கணக்கா மாத்தியிருந்தா, எத்தனை பேர் சேமிச்சாங்க, எத்தனை பேர் அடுத்தவங்களுக்கு அனுப்பினாங்கன்னு காட்டும். லைக்கைவிட நான் அதைத்தான் பார்ப்பேன். முதல் படத்தைப் பார்த்ததுமே லைக் போட்டுட்டுப் போகலாம், கும்பிடுற கைக்கே லைக் வந்துச்சே. சட்டி பழக்கிறதைச் சேமிச்சு வைக்கிறவங்க உள்ளே போய்ப் பார்த்தவங்களாத்தான் இருக்கணும். அதைவிட நல்ல அடையாளம் வர்ற கேள்விகள். முன்னாடி "விலை என்ன?"ன்னு மட்டும் வரும். இந்தப் போஸ்ட்டுக்கு ஒரு அம்மா கேட்டாங்க, "எங்க வீட்டுல குக்கர் சோறுதான், வடிகஞ்சிக்கு எங்கே போறது?" நாலாவது படம் வரைக்கும் வந்தவங்கதான் அதைக் கேட்க முடியும்.

அந்தக் கேள்வி எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். நாத்தனார் வீட்டுல தினம் சோறு வடிக்கிறாங்க, அதனால அவங்களுக்குத் தோணல. அடுத்த தடவை போடறப்போ நாலாவது படத்தோட கடைசி வரியை மாத்தினேன்: "வடிகஞ்சி இல்லையா?" அஞ்சாவதா புதுசா ஒரு படம்: ரெண்டு ஸ்பூன் அரிசி மாவைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சினா அதே வேலை செய்யும்னு. அணைச்ச பிறகு செய்யுற தப்பு ஆறாவதுக்குப் போச்சு. எட்டு ஒன்பதாச்சு.

இந்த வருஷமும் சட்டி உடையத்தான் செய்யுது. லாரியில வர்றப்ப உடையுது, அதுக்கு நான் என்ன போஸ்ட் போட முடியும்? ஆனா வித்த சட்டி ஒவ்வொண்ணோடயும் அந்தப் போஸ்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம். முதல் நாள் விரிசல்னு வர்ற போன் குறைஞ்சிருக்கு.

நான் பேசினது போதும். பையில வெட்டின பேப்பர் துண்டு கொண்டு வந்திருக்கேன், ஆளுக்கு எட்டு. அப்பளக் குழு அக்காமார் முன்னாடி வாங்க. "பொரிச்ச அப்பளம் ஏன் பத்து நிமிஷத்துல நமத்துப் போகுது?"ங்கிறதை முதல் துண்டுல எழுதிக்கோங்க. ரெண்டாவது துண்டுல என்ன எழுதுவீங்கன்னு யோசிச்சுட்டு, எழுதாம பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட முதல் துண்டை மட்டும் படிச்சுக் காட்டுங்க. அவங்க என்ன கேட்கிறாங்கன்னு பார்ப்போம்.